பணி நிறைவு விழாவில் ஏற்புரை: ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்கு ஒரு வழிகாட்டி

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோரு ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஏறத்தாழ நாள்தோறும் பேசிப் பழகியவன் என்பதால், என் பணி நிறைவு பாராட்டு விழாவில் ஆற்ற வேண்டிய ஏற்புரைக்கென்று தனியாக எதையும் தயாரிக்கவில்லை. எழுந்து நின்று 34 நிமிடம் பேசினேன். அதில் 46 பெயர்களைச் சொன்னேன். ஆனால் நான் அந்தப் பள்ளிக்கு வந்த நாள் முதல் போகும் நாள் வரை என் அறைக்கு அடுத்த அறையில் அமர்ந்து பணியாற்றிய பதிவறை எழுத்தரின் பெயரைச் சொல்லவில்லை. அவர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, கடைசி வரை காத்திருந்து, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து மாலைகளைக் கழற்றி வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு ஓய்வு பெற்ற நண்பர்கள் சிலருடைய ஏற்புரைகளை உடனிருந்து எழுத உதவியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளித் தலைமையாசிரியரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன் என்றாலும், உதவி பெறும் பள்ளியிலும் தனியார் பள்ளியிலும் ஓய்வு பெறுவோருக்கு இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. நீங்கள் ஓய்வு பெறும் நாளில் யார் பள்ளியில் இருப்பார்கள் என்று பாருங்கள்

அறுபது வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் நீங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுவீர்கள். பிறந்த தேதி மாதத்தின் முதல் நாளாக இருந்தால், அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த நாளை நாட்காட்டியில் வைத்துப் பார்க்கப் பலரும் தவறிவிடுகிறோம். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் ஓய்வு பெறும் நாள் மாறாது. விழாவைத்தான் அதற்கு முந்தைய வேலை நாளுக்கு நகர்த்த வேண்டும்.

நம்மில் பலர் மே 31 அன்று ஓய்வு பெறுகிறோம். அன்று கோடை விடுமுறை. பள்ளியில் மாணவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு என்று முடித்துவிட்டுப் போயிருப்பார்கள். பத்தாம் வகுப்பினரும் பொதுத்தேர்வு முடிந்ததோடு சரி. மற்ற வகுப்புகள் ஆண்டுத் தேர்வின் கடைசி நாளோடு கலைந்துவிடும். ஆக, விழா மேடையிலிருந்து "என் அருமை மாணவச் செல்வங்களே" என்று நீங்கள் விளிக்கும்போது எதிரே அமர்ந்திருப்பவர்கள் ஆசிரியர்களும் உறவினர்களும்தான். என் விழாவில் அப்படித்தான் நடந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த ஐந்தாறு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு எண்ணூறு பேருக்கான நன்றியைச் சொன்னேன்.

எனவே மே மாதத்தில் ஓய்வு பெறுபவர் மாணவர்களுக்கான உரையை விழாவிலிருந்து பிரித்துவிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்கு, செய்முறைத் தேர்வு தொடங்கும் முன் ஒரு காலை வழிபாட்டுக் கூட்டம். பத்தாம் வகுப்புக்கு, நுழைவுச் சீட்டு வழங்கும் நாள். மற்றவர்களுக்கு, ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரு திங்கட்கிழமை. தேர்வின் கடைசி நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று பிள்ளைகளின் மனம் பள்ளி வாசலுக்கு வெளியே போயிருக்கும்.

2. பதிவேடுகள் உங்கள் பொறுப்பில் இருக்கும்போதே குறிப்பெடுங்கள்

நினைவை நம்பி எழுதினால், கடைசி இரண்டு ஆண்டுகளில் உடன் இருந்தவர்கள் மட்டும்தான் நினைவுக்கு வருவார்கள். மாறுதலில் போனவர்கள், உங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றவர்கள், பணியில் இருக்கும்போதே காலமானவர்கள் ஆகியோர் விடுபட்டுவிடுவார்கள். இவர்களை நினைவூட்டும் சான்றுகள் எல்லாம் பள்ளியிலேயே இருக்கின்றன. பொறுப்பை ஒப்படைத்த பிறகு அவற்றைத் திறக்க நீங்கள் இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்பதால், ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஆசிரியர் வருகைப் பதிவேடு. நீங்கள் பொறுப்பேற்ற ஆண்டிலிருந்து, ஆண்டுக்கு இரண்டு மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: ஜூன், ஜனவரி. கலந்தாய்வுக்குப் பின் யார் வந்தார், யார் போனார் என்பது அந்த இரண்டு பக்கங்களிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அலுவலகப் பணியாளர்களுக்குத் தனிப் பதிவேடு இருந்தால் அதையும் பாருங்கள். என் பிழை அங்கேதான் நேர்ந்தது. ஆசிரியர் பதிவேட்டை மட்டும் மனத்தில் ஓட்டிக்கொண்டு மேடையேறினேன். சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் ஆகியோர் உங்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். தற்காலிகமாகப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாக நியமிக்கப்பட்டவர்களும் பல இடங்களில் அதில் இல்லை. இவர்களைத் தனியாக விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பார்வையாளர் பதிவேடும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேடும். சுற்றுச்சுவர் எப்போது எழுந்தது, ஆழ்துளைக் கிணற்றுக்கு யார் முன்கையெடுத்தார், இடிந்த கட்டடத்தை அகற்ற யார் அலைந்தார் என்பதெல்லாம் அவற்றில் தேதியோடு இருக்கும். மேடையில் ஆண்டை மாற்றிச் சொன்னால் கேட்பவர்களில் ஒருவராவது திருத்துவார். அது உங்களுக்கு நல்லதில்லை.

இந்த வேலைக்கு எனக்குத் தெரிந்த வரையில் மூன்று மாலைப் பொழுதுகள் போதும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு பக்கத்துக்கு ஓர் ஆண்டு என்று எழுதுங்கள். பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஓய்வு பெறும் நேரத்தில் இப்படி ஒரு சிறு கேள்விக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

3. பெயர்களை இரண்டு பட்டியலாக்குங்கள்

ஏற்புரையில் இடறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எல்லாப் பெயர்களையும் மேடையில் வாசிப்பது நேர்மையான முறை என்று தோன்றும். ஆனால் நாற்பது பெயர்களை வாசித்தால், விடுபட்ட நாற்பத்தொன்றாம் பெயர் மட்டும்தான் ஊரில் பேசப்படும். அதோடு, பெயரும் பதவியும் பெயரும் பதவியுமாகப் போகும் பட்டியலைக் கேட்பவர்கள் தம் பெயர் வரும் வரை காத்திருப்பார்கள். வந்த பின் பக்கத்திலிருப்பவரோடு பேசத் தொடங்குவார்கள். ஒருவர் பெயரையும் சொல்லாமல் "அனைவருக்கும் நன்றி" என்று முடிப்பதும் தப்பித்தலாகவே படும்.

நான் இப்போது பரிந்துரைப்பது இப்படி. முதல் பட்டியல், உங்களோடு பணியாற்றிய அனைவரின் பெயரும் பணியாற்றிய ஆண்டும் கொண்டது. இதை மேடையில் வாசிக்க வேண்டாம். தட்டச்சு செய்து பெரிய தாளில் அச்சிட்டு, விழா நடக்கும் இடத்தின் நுழைவாயிலில் ஒட்டுங்கள். "என்னோடு இப்பள்ளியை நடத்தியவர்கள்" என்று அதற்குத் தலைப்பிடுங்கள். அகர வரிசையில் போடுங்கள். பதவி வரிசையில் போட்டால் துப்புரவுப் பணியாளர் எப்போதும் கடைசியில்தான் இருப்பார். ஒட்டுவதற்கு ஒரு வாரம் முன் மூன்று பேரிடம் காட்டுங்கள்: பள்ளியிலேயே மூத்த ஆசிரியர் ஒருவர், அலுவலகத்தில் ஒருவர், சத்துணவுக் கூடத்தில் ஒருவர். நண்பர் ஒருவரின் பட்டியலில் இப்படிக் காட்டியபோது ஏழு பெயர்கள் கூடின. அவற்றில் ஐந்து, சத்துணவுக் கூடத்தில் வேலை செய்தவர் சொன்னவை.

இரண்டாம் பட்டியல், மேடையில் சொல்ல வேண்டியது. இதில் மூன்று பேர் மட்டும், மிஞ்சினால் நான்கு பேர். இவர்கள் உங்களுக்கு மிக நெருக்கமானவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை; ஒவ்வொருவரும் பள்ளியின் ஒவ்வொரு பகுதியிலிருந்து வர வேண்டும். வகுப்பறையிலிருந்து ஒருவர், அலுவலகத்திலிருந்து ஒருவர், வளாகத்தைக் காத்தவர்களில் ஒருவர் என்று எடுத்துக்கொண்டால், பெயர் சொல்லப்படாதவர்கள் தங்கள் சார்பில் ஒருவர் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள். மூவரும் முதுகலை ஆசிரியர்களாக இருந்தால் மற்றவர்களுக்கு அந்த ஆறுதல் இல்லை.

ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்த ஒரு காரியத்தைத் தேதியோடும் இடத்தோடும் உங்களால் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் அவர் முதல் பட்டியலில் மட்டும் இருக்கட்டும்.

4. ஏழு நிமிடத்துக்கு எழுதுங்கள்

மேசையில் உட்கார்ந்து வாசித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 சொற்கள் போகின்றன. மேடையில் கைதட்டல், தொண்டை அடைப்பு, ஒலிபெருக்கியின் எதிரொலி எல்லாம் சேர்ந்து அது 100 சொல்லாகக் குறையும். எனவே ஏழு நிமிடம் என்பது 700 சொல். அதை நான் பிரிக்கும் கணக்கு: விளிப்புக்கு 40, தொடக்கத்துக்கு 80, மூன்று பேரைப் பற்றிய மூன்று பத்திகளுக்கு 360, குழுக்களாகச் சொல்லும் நன்றிக்கு 120, குடும்பத்துக்கு 40, அடுத்துப் பொறுப்பேற்பவருக்கு 60.

விளிப்பில் நேரத்தை இழக்காதீர்கள். உங்களுக்கு முன் பேசிய ஒவ்வொருவரும் மேடையிலிருந்த அனைவரையும் பெயர் சொல்லி வணங்கியிருப்பார்கள். நீங்கள் விழாத் தலைவரை மட்டும் பதவியோடு குறிப்பிட்டு, "மேடையிலும் எதிரிலும் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் என்னோடு பணியாற்றியவர்களுக்கும் வணக்கம்" என்று முடித்துவிடலாம். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். "எனக்குக் கீழ் பணிபுரிந்தவர்கள்" என்ற தொடர் வாயில் வந்துவிடும். எழுத்திலேயே அதை அடித்துவிடுங்கள்.

மூன்று பத்திகளையும் எப்படி எழுதுவது என்பதற்கு, டெல்டா பகுதியில் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியைக்கு நான் உதவியதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். இரவுக் காவலரைப் பற்றி அவர் முதலில் எழுதியிருந்தது இது:

"நம் பள்ளியின் இரவுக் காவலர் அவர்கள் தம் கடமையைச் செவ்வனே ஆற்றி, பள்ளியின் உடைமைகளைக் கண்ணின் மணிபோல் காத்தார். அவருக்கு என் இதயம் கனிந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் எந்தப் பள்ளியின் எந்தக் காவலருக்கும் இதைச் சொல்லலாம். "அவர் உண்மையில் என்ன செய்தார்?" என்று கேட்டேன். சற்று யோசித்து, கஜா புயல் இரவைப் பற்றிச் சொன்னார். அதை அப்படியே எழுதச் சொன்னேன்:

"2018 நவம்பர் 16ஆம் நாள் விடியும் முன் கஜா புயல் கரையேறியபோது நம் அலுவலக அறையின் ஓடுகள் பறந்தன. மழை உள்ளே கொட்டியது. நம் இரவுக் காவலர் சேர்க்கைப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றி மாடி வகுப்பறைக்குக் கொண்டுபோனார். தொலைந்துபோன மாற்றுச் சான்றிதழுக்கு நகல் கேட்டு இந்தப் பள்ளிக்கு யார் வந்தாலும், அந்தப் பதிவேட்டைப் புரட்டித்தான் கொடுக்கிறோம். புயலுக்குப் பிறகு அப்படி நகல் வாங்கிச் சென்ற ஒவ்வொருவர் சார்பிலும் அவருக்கு நன்றி சொல்கிறேன்."

இரண்டாவதில் "இதயம்" இல்லை, "கனிந்த" இல்லை. ஆனால் கேட்பவர்கள் திரும்பி அந்தக் காவலரைத் தேடுவார்கள்.

இத்துடன் வேலை முடியவில்லை. நீங்கள் எழுதியதை அந்த நபரிடமே ஒரு முறை சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அந்த அம்மையார் சரிபார்த்தபோது காவலர் தயங்கித் தயங்கிச் சொன்னது: "நான் மட்டும் தூக்கலீங்கம்மா. சமையல் பண்றவங்க வீட்டுக்காரரும் கூட வந்து தூக்கினாருங்க. அவரையும் சேர்த்துச் சொல்லுங்கம்மா." அந்த மனிதர் பள்ளியின் பணியாளரே இல்லை. எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. உரையில் ஒரு வாக்கியம் கூடியது. அவருக்கும் அழைப்பிதழ் போனது. விழாவில் அன்று எழுந்த நீண்ட கைதட்டல் அந்த இருவருக்குத்தான்.

குழுவாகச் சொல்லும் நன்றியிலும் இதே முறையைச் சுருக்கமாகக் கையாளலாம். "அலுவலகப் பணியாளர்களுக்கு நன்றி" என்பதைவிட, "கல்வி உதவித்தொகைப் பட்டியலையும் எமிஸ் பதிவுகளையும் இணையம் வராத நாளிலும் இரவு வரை உட்கார்ந்து முடித்த அலுவலகப் பணியாளர்களுக்கு நன்றி" என்பது பன்னிரண்டு சொற்கள்தான் கூடுதல். விலையில்லா மிதிவண்டிகளை இறக்கிப் பூட்டிக் காற்றடித்து வரிசையில் நிறுத்தியது யார் என்பது பள்ளிக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லுங்கள்.

எழுதக் கூடாதவை சில உண்டு. தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி நீங்களே பேச வேண்டாம். வாழ்த்துரையில் மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். பழைய மனக்கசப்பை, பெயர் சொல்லாமல் "சிலர்" என்று சொன்னாலும், எல்லோருக்கும் யாரென்று தெரியும். ஓய்வூதியம் பற்றிய குறைகளுக்கு வேறு மேடைகள் இருக்கின்றன. பள்ளிக்கு ஒரு தொகை தருவதாகவோ, மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பரிசு வழங்க அறக்கட்டளை வைப்பதாகவோ மேடையின் உணர்ச்சியில் அறிவித்துவிடாதீர்கள். ஓய்வூதியப் பலன்கள் கைக்கு வந்து, வீட்டில் கலந்து பேசி, எவ்வளவு என்று முடிவான பிறகு ஒரு கடிதமாகக் கொடுத்தால் போதும்.

5. மாணவர்களுக்கான உரையை வேறாக எழுதுங்கள்

மாணவர்கள் காலை வெயிலில் நின்றுகொண்டு கேட்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். நான்கு நிமிடம் மேல்வரம்பு. அவர்களை முதலில் உட்காரச் சொல்லிவிடுங்கள்.

இந்த உரையில் அறிவுரை சொல்ல நாக்கு துடிக்கும். அறிவுரையை அத்தனை ஆண்டுகள் சொல்லியாகிவிட்டது. இன்று நன்றி சொல்லும் நாள். மாணவர்களுக்கு எதற்கு நன்றி சொல்வது என்று ஒரு நண்பர் என்னிடம் உண்மையாகவே கேட்டார். அவர் பள்ளியில் குடிநீர்த் தொட்டிக்கு அருகில் நின்ற வேப்பங்கன்றுகளுக்கு விடுமுறையிலும் தண்ணீர் ஊற்றியது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். கொரோனாவுக்குப் பின் 2021இல் பள்ளி திறந்தபோது பாதி மறந்து வந்த வகுப்பில் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்கள்தான். இரண்டையும் சொன்னார். உரை முடிந்துவிட்டது.

இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. ஒரு மாணவரின் ஏழ்மையை, தந்தையின் குடியை, படிப்பை நிறுத்தி மீண்டும் வந்த கதையை, பெயர் சொல்லி உருக்கமாகப் பேசிவிடுவோம். நமக்கு அது பெருமிதம்; அந்தப் பிள்ளைக்கு அது மீதி நாட்கள் முழுவதும் வகுப்பில் சுமக்க வேண்டிய அடையாளம். படித்து முடித்துப் போனவர் என்றாலும் அவரிடமும் வீட்டாரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். இப்போது படிக்கும் மாணவர் என்றால், கேட்டாலும் மறுக்க மாட்டார் என்பதாலேயே சொல்லாமல் விடுங்கள்.

6. நிகழ்ச்சி நிரலிலும் செலவிலும் தலையிடுங்கள்

"என் விழாவுக்கு நானே நிரல் போடுவதா" என்று ஒதுங்கியிருந்ததற்கு நான் கொடுத்த விலை, என் உரை மாலை 5.40க்குத் தொடங்கியது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, பன்னிரண்டு வாழ்த்துரை, இடையிடையே பொன்னாடை, பிறகு ஏற்புரை, நன்றியுரை, நாட்டுப்பண் என்று போனது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் ஏற்புரைக்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள்.

நேரத்தைத் தின்பது வாழ்த்துரையைவிடப் பொன்னாடைதான். ஒருவர் மேடையேறி, போர்த்தி, படம் எடுத்து, இறங்க 40 வினாடி என்றால், நாற்பது பேருக்கு 26 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. விழாவை ஏற்பாடு செய்யும் ஆசிரியரிடம் முன்னதாகவே இரண்டு வேண்டுகோளை வையுங்கள். ஒன்று, பொன்னாடைகளும் நினைவுப் பரிசுகளும் விழா தொடங்கும் முன்போ, ஏற்புரைக்குப் பின்போ தரப்படட்டும். பொன்னாடைக்குப் பதில் பள்ளி நூலகத்துக்கு ஒரு நூல் தரலாம் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டால் இன்னும் நல்லது. இரண்டு, வாழ்த்துரை ஐந்து பேருக்கு மிகாமல் இருக்கட்டும். அவர்களில் ஒருவர் முன்னாள் மாணவராகவும் ஒருவர் ஆசிரியரல்லாத பணியாளராகவும் இருக்கட்டும்.

செலவைப் பொறுத்தவரை, ஏற்புரைக்கென்று நீங்கள் செய்ய வேண்டிய செலவு மிகக் குறைவு. உரையைப் பெரிய எழுத்தில் ஆறு தாளில் அச்சிட்டதற்கும், நுழைவாயில் பட்டியலைப் பெரிய தாளில் எடுத்ததற்கும் சேர்த்து அந்த அம்மையாருக்கு 400 ரூபாய்க்குள் முடிந்தது. ஒலிபெருக்கிக்கு அரை நாள் வாடகை அவர் ஊரில் 3,000 ரூபாய். உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். பள்ளியின் பழைய ஒலிபெருக்கி காலை வழிபாட்டுக்குப் போதும். பந்தலுக்குள் மின்விசிறிகள் சுழலும்போது போதாது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியர்கள் தாமாகச் சேர்ப்பது அவர்கள் விருப்பம். துப்புரவுப் பணியாளரிடமும் சமையல் உதவியாளரிடமும் பங்கு கேட்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பள்ளிக் கணக்கிலோ பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கிலோ இருக்கும் தொகையிலிருந்து ஒரு ரூபாயும் இந்த விழாவுக்கு எடுக்க வேண்டாம். அது பின்னால் தணிக்கைத் தடையாக வந்தால், பதில் எழுத வேண்டியவர் ஓய்வு பெற்றுவிட்ட நீங்கள்தான்.

7. விழா நாளன்று

பொறுப்பு ஒப்படைப்பை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். ரொக்கப் பதிவேடு, வங்கிக் கணக்குப் புத்தகங்கள், இருப்புப் பதிவேடு, சாவிக்கொத்து ஆகியவற்றைப் பட்டியலிட்டு இருவரும் கையொப்பமிட்ட படியில் ஒன்று உங்கள் பையில் இருக்க வேண்டும். இதை மாலைக்குத் தள்ளினால், ஏற்புரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது "ஐயா, ஆய்வகச் சாவி எது?" என்று யாராவது வந்து நிற்பார்கள்.

உரையைப் பார்த்தே வாசியுங்கள். தலைமையாசிரியர் தாளைப் பார்ப்பதா என்ற கூச்சம் வேண்டாம். பார்க்காமல் பேசித்தான் நான் 34 நிமிடம் எடுத்தேன். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, பக்க எண் பெரிதாகப் போட்டு, மூலையில் தைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கண் கலங்கும் இடம் எது என்பது வீட்டில் இரண்டு முறை வாய்விட்டு வாசித்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் குடும்பத்தைப் பற்றிய பகுதி அல்லது காலமான ஆசிரியரைப் பற்றிய வாக்கியம். அந்த வாக்கியத்துக்கு முன் தாளில் ஒரு கோடு போட்டு, அங்கே நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள். குரல் உடைந்தால் அடுத்த வாக்கியத்துக்கு ஓட வேண்டாம். கூட்டம் காத்திருக்கும்.

முன்னால் பேசியவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டு, உங்களுக்கு நான்கு நிமிடமே மிஞ்சினால், வேகமாக வாசிக்காதீர்கள். தொடக்கத்தையும் குழு நன்றியையும் விட்டுவிட்டு, மூன்று பேரைப் பற்றிய பத்திகளை மட்டும் வாசித்து அமருங்கள். எந்தப் பக்கங்களை விடலாம் என்பதைத் தாளின் மேல் ஓரத்தில் முன்பே பென்சிலால் குறித்து வைத்திருந்தால் மேடையில் தடுமாற வேண்டியதில்லை.

8. விழாவுக்கு மறுநாள்

உரையின் ஒரு படியையும் பெயர்ப் பட்டியலின் ஒரு படியையும் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். விழாவுக்கு வர முடியாத பழைய பணியாளர்களுக்குப் பட்டியலின் நகலோடு நான்கு வரி கைப்பட எழுதி அஞ்சலில் அனுப்புங்கள். அஞ்சல் செலவு மிகச் சிறிது, எழுத ஒரு வாரம் பிடிக்கும்.

இவ்வளவு செய்தும் ஒரு பெயர் விடுபட்டிருக்கலாம். தெரிந்ததும் தொலைபேசியில் சொல்லாதீர்கள், நேரில் போங்கள். நான் மறுநாள் காலை பத்தரை மணிக்குப் பதிவறை எழுத்தரின் வீட்டுக்குப் போனேன். "சார், நீங்க பேசினது நல்லா இருந்துச்சு" என்றுதான் அவர் பேச்சைத் தொடங்கினார். காப்பி குடித்து முடிக்கும் வரை எனக்கு வார்த்தை வரவில்லை. பிறகு சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அடுத்த எச்.எம். பேசும்போது ஞாபகப்படுத்தறேன் சார்" என்றார்.